அட்மின் லாகினைக் கொடுத்தேன், 58,640 ரூபாய் போய்விட்டது

கை இன்னும் நடுங்குகிறது, கோவையாக எழுத முடியுமா தெரியவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும். தீபாவளி ஆர்டர் நேரத்தில் என்னைப் போல யாராவது இதே தவறைச் செய்துகொண்டிருக்கலாம்.

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம். நானும் அக்காவும்தான் எல்லாம். வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் போட்டு ஒரு சின்னக் கடைத்தளம் நடத்துகிறோம். பண்டிகைக்கு விலை மாற்ற வேண்டும், புதிய படங்கள் ஏற்ற வேண்டும், எனக்கு அடுப்படியை விட்டு நகர நேரமில்லை. சித்தி மகனுக்குத் தெரிந்தவர்கள் என்று ஊரிலேயே ஒரு வெப் டிசைன் கடையைப் பிடித்தோம். அங்கிருந்து வந்த பையன் நன்றாகப் பேசினான். அம்மாவிடம் பேர் சொல்லி உறவுமுறை கேட்டான், மாவுருண்டை சாப்பிட்டான். "அக்கா, அட்மின் லாகினைக் குடுத்துடுங்க, ரெண்டே நாள்ல முடிச்சிடறேன்" என்றான். அந்த இடத்தில்தான் எல்லாம் போயிற்று. தனியாக ஒரு பயனர் கணக்கு போட்டுத் தரட்டுமா என்று நான் கேட்கத்தான் செய்தேன். "அதெல்லாம் பர்மிஷன் எரர் வரும்க்கா, திரும்பத் திரும்ப உங்களத்தான் தொந்தரவு பண்ணணும்" என்றான். வீட்டுப் பையன் மாதிரி இருக்கிறானே என்று என்னுடைய பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

விலை மாற்றினான், படம் ஏற்றினான், வேலை சுத்தமாகவே இருந்தது. அப்புறம் "ஆர்டரையும் நாங்களே பாத்துக்கறோம்" என்றான். எங்கள் தளத்தில் பாதிப் பேர் நேரடி வங்கிப் பரிமாற்றம்தான் செய்வார்கள். அப்படி வரும் ஆர்டர் முதலில் On hold என்று நிற்கும். பணம் வந்ததைப் பார்த்துவிட்டு நாம்தான் Processing என்று மாற்ற வேண்டும். வாடிக்கையாளர்கள் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அந்த வாட்ஸ்அப் எண்ணையும் டிசைன் கடையின் கம்ப்யூட்டரில் இணைத்துக் கொடுத்திருந்தேன். நான் Processing என்று இருப்பதை மட்டும் அச்செடுத்து பார்சல் போட்டேன். மற்றவர்கள் பேமெண்ட் கேட்வே வழியாகக் கட்டும் பணம் இரண்டு நாள் கழித்து மொத்தமாக விழும். அதனால் எது வந்தது, எது வரவில்லை என்று எனக்குக் கண்ணில் படவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா, சீடை நொறுங்கி வந்திருக்கிறது, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று தாம் கட்டிய ரசீதை எனக்கே அனுப்பினார். அதில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் என்னுடையது இல்லை. தளத்தைத் திறந்து WooCommerce, Settings, Payments போய்ப் பார்த்தால் என் பெயர் அப்படியே இருக்கிறது, கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் வேறு. ஒன்பது நாளாக, 47 ஆர்டருக்கு, ஆர்டர் முடிந்ததும் வரும் பக்கத்திலும் மின்னஞ்சலிலும் அந்த எண்தான் போயிருக்கிறது. 58,640 ரூபாய். சரக்கும் போய்விட்டது, பணமும் போய்விட்டது. வெல்லக் கடைக்கும் எண்ணெய்க்கும் நான் இன்னும் கடன் அடைக்கவில்லை.

வெப் டிசைன் கடைக்குப் போனேன். பையன் இல்லை, "வேலையை விட்டு நின்னுட்டான் மேடம்" என்றார் முதலாளி. சரி, உங்கள் ஆள்தானே என்றேன். அப்போது அவர் சொன்னதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆர்டரைத் திறந்து பக்கத்தில் இருக்கும் குறிப்பைக் காட்டினார். On hold இலிருந்து Processing ஆக மாற்றப்பட்டது என்று ஒவ்வொன்றிலும் இருக்கிறது, மாற்றியவர் என்ற இடத்தில் என் பயனர் பெயர். "உங்க லாகின்லதானே நடந்திருக்கு? எங்க ஆளுதான்னு எதை வச்சுச் சொல்றீங்க?" என்றார். கணக்கு எண்ணை மாற்றியது யார் என்பதை வூகாமர்ஸ் தானாக எங்கும் குறித்துவைப்பதில்லை. அதற்குத் தனியாகப் பதிவு வைக்கும் பிளகின் போட்டிருக்க வேண்டும்.

ஹோஸ்டிங் தரும் நிறுவனத்துக்கு அழைத்தேன். முதல் ஆள் "சர்வர் நல்லாத்தான் ஓடுது" என்றார். இரண்டாவது ஆள், டிக்கெட் போடுங்கள் என்றார். மூன்றாவது ஆள்தான், எந்த ஐபி முகவரியிலிருந்து யார் நுழைந்தார்கள் என்ற லாக் எங்களிடம் கடைசிச் சில நாளுக்குத்தான் இருக்கும் என்று சொன்னார். எனக்கு வேண்டிய நாள் அதில் இல்லை.

அனுமதியைக் குறைத்துத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்திருந்தால், ஆர்டரில் அவன் செய்ததெல்லாம் அவன் பெயரில் நின்றிருக்கும். கணக்கு எண் இருக்கும் பக்கமே அவனுக்குத் திறந்திருக்காது. இதில் ஒரு சிக்கல் உண்டு, அதனால்தான் பலரும் அலுத்துப்போய் அட்மினையே கொடுத்துவிடுகிறார்கள். Users பக்கத்தில் புதிய கணக்கு போட்டு Editor என்று கொடுத்தால் வூகாமர்ஸ் பொருட்களே கண்ணுக்குத் தெரியாது, அது பக்கம், பதிவுகளுக்கான அனுமதி. Shop manager என்று கொடுத்தால் பொருட்கள் தெரியும், ஆனால் ஆர்டரும் தெரியும், Payments பக்கமும் திறக்கும். அதாவது இவன் செய்த வேலையை Shop manager ஆக இருந்தும் செய்திருக்க முடியும், ஆர்டர் குறிப்பில் அவன் பெயர் பதிந்திருக்கும் என்பது மட்டும்தான் வித்தியாசம். இதை எனக்கு நேற்று இரவு ஒரு தெரிந்த தம்பி உட்காரவைத்துக் காட்டினான். அனுமதிகளைத் திருத்தும் பிளகின் ஒன்றைப் போட்டு, Shop manager ஐ நகலெடுத்து, அதில் `manage_woocommerce` என்ற வரியின் டிக்கை எடுத்தோம். `shop_orders` என்று முடியும் வரிகளையும் எடுத்தோம். மற்றதை அப்படியே விட்டோம், விலை மாற்ற `edit_products` வகை வரிகளும் படம் ஏற்ற `upload_files` வரியும் வேண்டும். அப்புறம் அந்தக் கணக்கில் பிரவுசரின் தனி ஜன்னலில் நாமே நுழைந்து, Settings வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை. இருபது நிமிட வேலை. இருபது நிமிடத்துக்காக 58,640 ரூபாய்.

இன்னொன்றும் நேற்றுதான் கண்டுபிடித்தோம். பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம், போதும் என்றிருந்தேன். Users பட்டியலில் support என்ற பெயரில் இன்னொரு Administrator இருக்கிறது, நான் போட்டதில்லை. என் சுயவிவரப் பக்கத்தின் அடியில் Application Passwords என்ற இடத்திலும், வெளியிலிருக்கும் ஆப்கள் என் பெயரில் தளத்துக்குள் நுழைவதற்கான பாஸ்வேர்ட் ஒன்று உருவாக்கப்பட்டிருந்தது. அது பாஸ்வேர்ட் மாற்றினாலும் செத்துப்போகாது, தனியாக Revoke அழுத்த வேண்டும்.

விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. உறவுக்காரராக இருந்தாலும் Administrator கொடுக்காதீர்கள். வேலை முடிந்த அன்றே அந்தக் கணக்கை நீக்குங்கள், நீக்கும்போது அவர் ஏற்றியதை யார் பெயருக்கு மாற்றுவது என்று கேட்கும், உங்கள் பெயரைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து அழியும். தினமும் ஒருமுறை வாடிக்கையாளர் போல உங்கள் கடையில் நீங்களே ஆர்டர் போட்டு, வரும் கணக்கு எண்ணைப் பாருங்கள். பணம் போனது தெரிந்தவுடன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், நான் கடையோடு சண்டை போட்டு ஒரு நாளை வீணடித்தேன், அதற்குள் அந்தக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள். ஹோஸ்டிங் லாகை அன்றே இறக்கி வையுங்கள்.

புகார் எண் வந்திருக்கிறது. 47 ரசீதுகளையும் வாடிக்கையாளர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன், இதுவரை 31 வந்துவிட்டன. வங்கி திறக்கும் நேரம் ஆகிவிட்டது, கிளம்புகிறேன்.