பீரோ டிராயரில் 23 இருந்தது, இப்போது 4: ஒன்றரை வருட அனுபவம்

போன வருடம் போகிக்கு முந்தின நாள், அம்மா வீட்டைச் சுத்தம் செய்யும் வேகத்தில் என் பீரோ டிராயரை இழுத்துக் கட்டிலில் கவிழ்த்துவிட்டார். "ஏண்டி, மெடிக்கல் ஷாப் வைக்கப் போறியா?" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஃபேஸ்வாஷ் 4, மாய்ஸ்சரைசர் 3, சன்ஸ்கிரீன் 3, சீரம் 8, மாஸ்க் 2, ஸ்க்ரப் ஒன்று, பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு ஜெல் ஒன்று, பேர் தெரியாத சிவப்பழகு ட்யூப் ஒன்று. மொத்தம் 23. இவ்வளவும் இருந்து முகம் நன்றாக இருந்ததா என்றால், பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிந்துகொண்டிருந்தது.

சத்துவாச்சாரியில் எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. மதிய வெயில் நேராக அந்த ஸ்டீல் பீரோ மேல்தான் விழும். வேலூர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர், அந்த டிராயர் உள்ளே எப்படிக் காய்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு முதல் பலி வைட்டமின் சி சீரம். வாங்கும்போது தண்ணீர் மாதிரி இருந்தது, டிராயரைக் கவிழ்த்தபோது டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. காற்றும் வெளிச்சமும் சூடும் சேர்ந்தால் அது கெட்டுப்போகும். லேசான மஞ்சள் வரை பரவாயில்லை, பழுப்பு வந்தால் குப்பைக்குத்தான். அட்டையில் போட்டிருந்த காலாவதித் தேதிக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது. திறக்காத பாட்டிலுக்குத்தான் அந்தத் தேதி பொருந்தும். திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்பதை, மூடி திறந்த டப்பா படம் போட்டு உள்ளே 6M, 12M என்று தனியாக அச்சிட்டிருப்பார்கள். எதை எப்போது திறந்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அதனால் ஞாபகம் வராததையெல்லாம் தூக்கிப்போட்டேன். அதில் ஆறு போனது.

அடுத்து அந்தச் சிவப்பழகு ட்யூப். அக்கா கல்யாணத்தின்போது ஒரு மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது, நிறுத்தினதும் கன்னம் சிவந்து பொரிப் பொரியாக வந்தது. அதன் பின்னால் இருந்த பொடி எழுத்தை அன்றுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து. '-சோன்' என்றோ 'க்ளோபெட்டசால்' மாதிரியோ ஒரு பெயர் இருந்தால் அதை அழகு க்ரீம் என்று நம்ப வேண்டாம். நான் போட்டது பத்து நாள், அதனால் பிழைத்தேன். மாதக்கணக்கில் போட்டுப் பழகியவர்கள் சட்டென்று நிறுத்தினால் முகம் மோசமாகக் கிளம்பும், அவர்கள் தோல் டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

மிச்சம் இருந்ததை கம்பெனி வாரியாகப் பிரிக்காமல், பின்பக்கம் இருந்த முக்கியப் பொருளை மட்டும் பார்த்துப் பிரித்தேன். அப்போதுதான் கூத்து தெரிந்தது. ஒரு பாட்டில் தழும்புக்கு, ஒன்று எண்ணெய்ப் பிசுக்குக்கு, ஒன்று துவாரத்துக்கு, ஒன்று 'பளபளப்புக்கு' என்று வெவ்வேறு ஆசையில் வாங்கியிருந்த நாலு சீரத்திலும் நியாசினமைடுதான். என் மாய்ஸ்சரைசரிலும் அதே நியாசினமைடு. காலையில் மூன்று அடுக்கு போட்டபோது ஒரே சரக்கைத்தான் மூன்று தடவை பூசியிருக்கிறேன்! இரவில் நிலைமை இன்னும் மோசம். சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ், மேலே க்ளைகாலிக் ஆசிட், வாரம் ஒரு ஸ்க்ரப். எல்லாமே தோலின் மேல்பகுதியை உரிக்கிற வேலை. எரிச்சலுக்குக் காரணம் அதுதான்.

காட்பாடி பக்கம் நான் பார்த்த தோல் டாக்டர் சொன்னதும் அதுவே. நம்மைப் போன்ற மாநிற, கருப்புத் தோலில் பரு மட்டுமல்ல, எரிச்சல் வந்து ஆறினாலும் அந்த இடம் கருத்துத் தழும்பாக நிற்கும். தழும்பு போக வேண்டும் என்று ஆசிட் போட்டு எரியவிட்டால் புதுத் தழும்புதான் வரும். "நாலு வாரம் எதையும் போடாதீங்கம்மா" என்றார். நுரை அதிகம் வராத ஒரு ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான்.

அந்த நாலு வாரம் எனக்குக் கை நமநமவென்று இருந்தது. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு, பக்கெட்டில் வெள்ளைக் கறை படியும். அதனால் முகத்தைக் காலையில் வெறுமனே கழுவி, சோப்பு வகையறா எதுவானாலும் இரவு ஒரு வேளைதான் என்று வைத்துக்கொண்டேன். முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். மூன்றாவது வாரம் ஒரு நாள் முகம் கழுவிவிட்டு எரிச்சலை எதிர்பார்த்து நின்றேன், வரவில்லை. அடங்கிவிட்டது என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு சேர்த்தது ஒன்றே ஒன்று, பருவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அடாபலீன் 0.1% ஜெல். முகம் முழுவதுக்கும் ஒரு பட்டாணி அளவு, வாரம் இரண்டு இரவு, மாய்ஸ்சரைசர் போட்டு அது காய்ந்த பிறகு. கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இதைத் தொடக்கூடாது. நான் என்ன செய்தேன்? இரண்டாவது வாரமே பொறுமை போய் தினமும் போட்டேன். மூக்கின் ஓரமும் உதட்டோரமும் உரிந்து, சாம்பார் பட்டால் கூட எரிந்தது. பத்து நாள் நிறுத்தி மறுபடி வாரம் இரண்டிலிருந்து ஆரம்பித்தேன். ஏற்கெனவே பரு வருகிற இடத்தில் பொடிப் பருவாகக் கிளம்பினால் அது மருந்து வேலை செய்வதாக இருக்கலாம். வராத இடத்தில் சிவந்து, எரிந்து, உரிந்தால் அது எரிச்சல், நிறுத்த வேண்டியதுதான். வித்தியாசம் கண்ணாடியில் தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. தழும்பு மங்க அதற்கு மேலும் நாலைந்து மாதம்.

பென்சாயில் பெராக்சைடு ஜெல்லைத் தூக்கிப்போட்டதற்குக் காரணம் தோல் இல்லை. என் நீலத் துண்டிலும் தலையணை உறையிலும் வெள்ளை வெள்ளையாகச் சாயம் போய், அம்மா சலவைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். பாவம் அவர்.

சன்ஸ்கிரீன் பற்றி ஒரு கணக்கு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு. அது ஏறக்குறைய ஒரு கிராம். அப்படியானால் 50 கிராம் ட்யூப், தினம் ஒரு தடவை போட்டாலே இரண்டு மாதத்துக்குள் காலியாக வேண்டும். என்னிடம் திறந்த மூன்று ட்யூப் ஒரு வருடம் ஓடியிருந்தது. அதாவது நான் சன்ஸ்கிரீன் போடவே இல்லை, பொட்டு வைத்திருக்கிறேன். கிரீன் சர்க்கிள் சிக்னலில் ஸ்கூட்டியில் நிற்கும்போது கருத்ததற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது.

வைத்துக்கொண்டது: ஒரு ஃபேஸ்வாஷ், நியாசினமைடு உள்ள அந்த மாய்ஸ்சரைசர், வியர்வையில் கண்ணில் இறங்காத ஒரு சன்ஸ்கிரீன், அப்புறம் அடாபலீன். திறக்காத இரண்டு சீரத்தைச் சித்தி பெண்ணுக்குக் கொடுத்தேன், திறந்ததை யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது எதைத் திறந்தாலும் அடியில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதிவிடுகிறேன்.

இந்த மே மாதம் புது சன்ஸ்கிரீனை ஸ்கூட்டி டிக்கியில் மறந்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பிதுக்கினால் முதலில் எண்ணெய் தனியாக வழிந்தது, பின்னாலேயே தயிர்க்கட்டி மாதிரி ஒன்று வந்தது. முழு ட்யூப் போச்சு. இப்போது சன்ஸ்கிரீன் கைப்பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது.