மசக்கைக்கும் மலைப்பாதைக்கும் இஞ்சி: மாத்திரைகளோடு ஓர் ஒப்பீடு

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பேருந்தில் இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொள்பவரும், தாளிக்கும் மணம் பட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடும் கர்ப்பிணியும் நாடுவது ஒரே பொருளைத்தான். ஆனால் இவ்விரண்டு குமட்டல்களும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவன அல்ல. பயணத்தில் உடல் ஆடுகிறது என்று உட்செவி சொல்லும்போது, முன்னிருக்கையின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஆடவில்லை என்று சொல்கிறது. அந்த முரண்பாடு மூளையில் குமட்டலாக முடிகிறது. மசக்கையிலோ, கருவும் நச்சுக்கொடியும் சுரந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்குப் பெரும்பங்கு உண்டென 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. இஞ்சியின் காரப்பொருள்கள் பெருமளவு இரைப்பையிலும் குடலிலும்தான் வேலை செய்கின்றன. ஆகவே இரண்டு இடங்களிலும் அது ஓரளவுக்குத்தான் உதவும் என்பதையும், அந்த அளவு இரண்டிலும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் கொண்டே மாத்திரைகளோடு அதை ஒப்பிட வேண்டும்.

முதலில் அளவைப் பார்ப்போம். மசக்கை பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிராம் உலர்ந்த இஞ்சித்தூளை, அதாவது நம் வீட்டுச் சுக்குத்தூளை, பிரித்துக் கொடுத்தன. வீட்டில் நகை நிறுக்கும் சிறிய மின்தராசில் நான் நிறுத்துப் பார்த்தபோது, தலைதட்டிய அரைத் தேக்கரண்டிச் சுக்குத்தூள் கிட்டத்தட்ட 1 கிராம் இருந்தது. அதை நான்காகப் பிரித்தால் விரல்நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகைதான் ஒரு வேளைக்கு வரும். பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால், அதே அளவுக்குத் துருவிய இஞ்சி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 கிராம் தேவைப்படும். இஞ்சித் தேநீரிலும் மரப்பாவிலும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை யாரும் அளப்பதில்லை. மரப்பாவில் சர்க்கரையே மிகுதி. பலன் இல்லை என்று சொல்பவர்கள் பலர் ஆய்வில் கொடுத்த அளவை எட்டியிருக்கவே மாட்டார்கள். நெடுநேரம் காய்ச்சிய கஷாயம் குடித்து நெஞ்செரிச்சலை வரவழைத்துக்கொள்பவர்களோ அதைத் தாண்டியிருப்பார்கள்.

மசக்கையில் இஞ்சிக்கு நேர்ப்போட்டி வைட்டமின் பி6. தாய்லாந்தில் 2001-இல் வெளியான ஆய்வில், வேளைக்கு 250 மில்லிகிராம் வீதம் நாளுக்கு நான்கு வேளை இஞ்சி உட்கொண்ட கர்ப்பிணிகளுக்கு, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட நான்கே நாள்களில் குமட்டல் தணிந்தது. ஆஸ்திரேலியாவில் 2004-இல் 291 பெண்களிடம் 1.05 கிராம் இஞ்சியையும் 75 மில்லிகிராம் பி6-ஐயும் மூன்று வாரம் ஒப்பிட்டபோது இரண்டும் சமமாகவே நின்றன. பின்னர் 12 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2014-ஆம் ஆண்டு அலசல் சொன்ன ஒரு செய்தியை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன்: இஞ்சி குமட்டலைக் குறைத்தது, வாந்தியின் எண்ணிக்கையை உறுதியாகக் குறைத்ததாகத் தெரியவில்லை. அதனால் வயிற்றுப் பிரட்டல்தான் தொல்லை, வாந்தி எப்போதாவதுதான் என்றால் இஞ்சியோ பி6-ஓ எதில் தொடங்கினாலும் சரியே. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு பி6 மேல். உண்டதெல்லாம் வெளியே வருகிறது என்றால், பி6-உடன் டாக்சிலமின் என்ற மருந்து சேர்ந்த மாத்திரையை மருத்துவரிடம் கேட்க வேண்டும். இஞ்சியை மட்டும் நம்பி வாரத்தைக் கழிக்கக் கூடாது. அந்த மாத்திரை தூக்கம் வரவழைக்கும். மெதுவாகக் கரையும் வகையை இரவில் விழுங்கச் சொல்வது, காலையில் எழும்போது அது வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இஞ்சி சூடு, கருவைக் கலைத்துவிடும் என்று அஞ்சுபவர்கள் நம் வீடுகளில் உண்டு. நார்வேயில் 68,522 தாய்மார்களைப் பதிவுசெய்த ஆய்வில் கர்ப்ப காலத்தில் இஞ்சி பயன்படுத்திய 1,020 பேரிடம் பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. ஆயினும் இந்த ஆறுதல் சமையலறை அளவுக்கு உரியது. செறிவூட்டிய சாறுகளுக்கு இதை நீட்டக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களும், இரத்தக்கசிவு உள்ளவர்களும், பேறுகாலம் நெருங்கியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இஞ்சியை மருந்தளவில் எடுக்க வேண்டாம்.

பயணத்துக்கு வந்தால் இஞ்சியின் நிலை சற்று இறங்குகிறது. 1982-இல் சுழல் நாற்காலியில் 36 பேரை உட்காரவைத்துச் செய்த சோதனையில் 940 மில்லிகிராம் இஞ்சி, பயண வாந்திக்குக் கொடுக்கும் டைமென்ஹைட்ரினேட் மாத்திரையை, 100 மில்லிகிராம் அளவில், வென்றது. 1988-இல் டென்மார்க்கின் 80 கடற்படைப் பயிற்சியாளர்களிடம் 1 கிராம் இஞ்சி வாந்தியையும் குளிர்வியர்வையையும் குறைத்தது. ஆனால் 1991-இல் வந்த மற்றொரு சோதனையில் 500 மில்லிகிராமும் பயன் தரவில்லை, 1,000 மில்லிகிராமும் தரவில்லை. முடிவுகள் இப்படி மாறி மாறி வருவதில் எனக்கு வியப்பில்லை. உட்செவியிலிருந்து வரும் செய்தியை அடக்குவது மாத்திரைதான், இஞ்சி அல்ல. நீண்ட மலைப்பாதையில் கட்டாயம் வாந்தி எடுப்பவருக்கு மாத்திரையே நம்பத்தக்கது. அதைப் புறப்படுவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக உட்கொள்ள வேண்டும், குமட்டல் தொடங்கிய பின் விழுங்கினால் அது உள்ளே தங்குவதே அரிது. வாகனம் ஓட்டுபவர் அதைத் தொடக் கூடாது. அவருக்கும், தூக்கக் கலக்கத்தை விரும்பாதவருக்கும் இஞ்சி ஏற்றது. இறங்கிய சில மணிநேரத்தில் பயண வாந்தி அடங்கிவிடும். அடங்காமல் தலைவலி, தலைசுற்றல், நெஞ்சுவலி, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலோ, தலையில் அடிபட்ட பின் வாந்தி வந்தாலோ அதைப் பயணத்தின் மேல் போட்டுவிடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பிணி எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை ஒரு கணக்காகப் பார்ப்போம். கருவுறுமுன் 50 கிலோ இருந்த ஒருவர், எட்டாவது வாரத்தில் நான்கு நாள் சுக்குத்தூளை முறையாக உட்கொள்கிறார். குமட்டல் தணிந்து, நாளுக்கு ஒருமுறை மட்டும் வாந்தி வந்து, சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்தால் அப்படியே தொடரலாம். மாறாக எடை 47.5 கிலோவுக்கு இறங்கியிருந்தால், அது முந்தைய எடையில் 5 விழுக்காடு இழப்பு. அந்த எல்லை மருத்துவர்கள் மிகைவாந்தி என்று கருதும் எல்லை. எடை பார்க்க வசதி இல்லாவிட்டாலும் சிறுநீர் சொல்லிவிடும்: எட்டு மணிநேரம் வராமலோ, கறுத்த தேநீர் நிறத்திலோ இருந்தால் அன்றே போக வேண்டும். ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும், எழுந்தால் கண் இருட்டினாலும், வாந்தியில் இரத்தமோ காபித்தூள் போன்ற துகளோ தெரிந்தாலும், வயிற்றுவலி, காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஒன்பது வாரத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தொடங்கும் வாந்திக்கு மசக்கையைத் தவிர்த்த காரணம் தேட வேண்டும். 20 வாரத்துக்குப் பின் கடுந்தலைவலியும் பார்வைமங்கலும் சேர்ந்தால் அது இரத்தக்கொதிப்புச் சிக்கலாக இருக்கலாம்.

அங்கே போனதும் நம்மவர்கள் வழக்கமாகக் கேட்பது, "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திடுங்க" என்பதுதான். பல நாள் உணவு தங்காத உடலில் தயமின் என்ற வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அந்நிலையில் முதலில் குளுக்கோஸ் ஏறினால் எஞ்சியிருப்பதும் செலவாகி, பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, குழப்பம் மிகும் வெர்னிக்கே மூளைப்பாதிப்பு வரக்கூடும். இத்தகையவருக்கு முதலில் தேவைப்படுவது நரம்பில் ஏற்றும் உப்புநீரும், குளுக்கோஸுக்கு முன் தயமினும். எத்தனை நாளாக உணவு தங்கவில்லை, எத்தனை கிலோ குறைந்தது என்ற இரண்டையும் உடன் செல்பவர் வாய்திறந்து சொன்னால்தான் மருத்துவர் அந்த முடிவை எடுக்க முடியும்.