நீண்டகால வேரியன்ஸ் பக்கம் இழுக்கும் கார்ச்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2019 கடைசியிலிருந்து தினமும் சாயங்காலம் சந்தை மூடியதும் கார்ச் என்ற மாடலில் ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன். நாளைக்கு நிஃப்டி எந்தப் பக்கம் போகும் என்று அது சொல்லாது, எவ்வளவு ஆடும் என்று மட்டும் சொல்லும். அந்த எண்ணை வைத்துத்தான் நாளைக்கு எத்தனை லாட் என்று முடிவு செய்கிறேன், ஆட்டம் கூடினால் லாட் குறையும், அவ்வளவுதான் என் முறை. கணக்கு முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கிவிடும்:

```python
def next_var(r, var, V, a=0.08, b=0.90):
    return (1 - a - b) * V + a * r**2 + b * var
```

இன்றைய ரிட்டர்னின் வர்க்கத்துக்கு 8% எடை, நேற்று சாயங்காலம் இன்றைக்கென்று கணித்த வேரியன்ஸுக்கு, அதாவது ஆட்ட அளவின் வர்க்கத்துக்கு, 90%, மீதி 2% நீண்டகால வேரியன்ஸான V-க்கு. ரிட்டர்னை சதவீதமாகவே போடுங்கள், அதாவது 1.2% ஏறினால் 0.012 இல்லை, 1.2. தசமத்தில் கொடுத்தால் ஒமேகா (அந்த 2% x V) லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், அப்புறம் பைத்தானில் எண்களைப் பொருத்தும்போது ஆப்டிமைசர் தடுமாறும். எனக்கு முதல் மாதம் முழுக்க இதிலேயே போனது.

இதற்கு முன் நான் வைத்திருந்தது ஈ.டபிள்யு.எம்.ஏ., அதாவது பழைய நாள்களின் எடை படிப்படியாகக் குறையும் சராசரி. அதில் V-யே கிடையாது, முந்தைய கணிப்புக்கு 0.94-ம் இன்றைய வர்க்கத்துக்கு 0.06-ம் மட்டும்தான். அதை விட்டுவிட்டு இங்கே வந்தபோது, வெறும் 2% எடைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு நாளைப் பார்த்தால் அந்த 2% ஒன்றுமே செய்யாதது போலத்தான் தெரியும். ஆனால் சந்தை வாரக்கணக்கில் தூங்கும்போது கதை வேறு. நாள்தோறும் அரை சதவீதத்துக்கும் குறைவாக, உதாரணமாக 0.4% அளவில் ஆடிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ.டபிள்யு.எம்.ஏ. மெல்ல மெல்ல 0.4%-க்கே இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடும். கார்ச் அப்படி இறங்காது. V-ஐ 1 என்று எடுத்தால் (தினசரி 1%, வருடத்துக்கு கிட்டத்தட்ட 16%) அது போய் நிற்கும் இடம் (0.02 + 0.08 x 0.16) / 0.10, அதாவது 0.328, வர்க்கமூலம் 0.57%. தினமும் சேர்கிற அந்த 0.02, 90% எடை வழியாக அடுத்தடுத்த நாளுக்குக் கடத்தப்பட்டு, பத்து மடங்காகச் சேர்ந்து ஒரு தரையாக நிற்கிறது. லாட் கணக்கில் இதற்கு என்ன அர்த்தம்? ஈ.டபிள்யு.எம்.ஏ.-வை நம்பியிருந்தால் நான் 43% அதிகமாக லாட் எடுத்திருப்பேன், அதுவும் எல்லோரும் அசந்திருக்கும் நேரத்தில். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் திரும்பப் போகவில்லை.

கொந்தளிப்பில் எப்படி என்பதற்கு 2024 ஜூனைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. மே கடைசியில் என் கணிப்பு 0.9% வாக்கில் இருந்தது, வேரியன்ஸ் 0.81. ஜூன் 3, தேர்தல் கருத்துக்கணிப்பைப் பார்த்து நிஃப்டி 3.25% ஏறியது. சாயங்காலம் கணக்கு: 0.02 + 0.08 x 10.56 + 0.90 x 0.81 = 1.59, அதாவது 1.26%. லாட்டைக் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைக்கச் சொன்னது, குறைத்தேன். மறுநாள் வாக்கு எண்ணிக்கை, 5.93% சரிவு. 1.26%-ஐ நம்பியவனுக்கு அது 4.7 மடங்கு நகர்வு. எந்த மாடலும் இதை முன்கூட்டியே சொல்லியிருக்காது, ஆனால் ஏற்றத்தைப் பார்த்தே லாட்டைக் குறைக்கச் சொன்னதே, அது எனக்குப் பெரிய விஷயம். வர்க்கம் எடுப்பதால் ஏற்றமும் இறக்கமும் இதற்கு ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் கணிப்பு 2.07%-க்குப் போனது. ஜூன் 5-ல் சந்தை 3.36% மீண்டது, கணிப்பு இன்னும் ஏறி 2.18% ஆனது. இங்கேதான் இதன் பெரிய பலவீனம். 2.18%-ஐ வருடக் கணக்குக்கு மாற்றினால் 35%-ஐ ஒட்டி வரும். அதே நாளில், ஆப்ஷன் விலைகளிலிருந்து வருடக் கணக்கில் ஆட்டத்தைச் சொல்லும் இந்தியா விக்ஸ் 27-ஐ ஒட்டிய இடத்திலிருந்து 19-க்கு அருகே இறங்கிவிட்டது. முடிவு தெரிந்துவிட்டது, குழப்பம் தீர்ந்தது என்று ஆப்ஷன் சந்தைக்குத் தெரியும். கார்ச்சுக்குக் காரணம் தெரியாது, அளவு மட்டும்தான் தெரியும். நீண்டகால வேரியன்ஸ் கீழே இழுக்கும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு மெதுவாக என்று பாருங்கள்: 8-ம் 90-ம் சேர்ந்து 0.98, அதனால் V-க்கு மேலே இருக்கும் மிச்சம் பாதியாவதற்கு 34 வர்த்தக நாள், அதாவது ஏழு வாரம் ஆகும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. சந்தை உடனே அடங்கினால் கணிப்பு இதைவிட வேகமாக இறங்கும், இருந்தாலும் தேவைக்கு மேல் பல நாள் உயரத்திலேயே நிற்கும். தேதி தெரிந்த நிகழ்வு முடிந்த பிறகு வரும் சில நாள்களுக்கு இப்போது நான் விக்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் ஒரு எண் எடுக்கிறேன்.

சரி, V எங்கிருந்து வருகிறது? என் பெரிய தவறு இதில்தான். மாடலே மூன்று எண்களையும் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், 500 நாள் டேட்டாவில் இரண்டு எடைகளின் கூட்டல் சில நேரம் 0.997 என்று வரும். V என்பது ஒமேகாவை 0.003-ஆல் வகுத்தது. அந்தக் கூட்டல் அடுத்த வாரம் 0.9985 ஆனால் ஒமேகா மாறாமலேயே V இரண்டு மடங்கு. அப்படிப்பட்ட எண்ணை நோக்கி இழுப்பதில் பயனில்லை. அதனால் V-ஐ நானே கடந்த 500 நாள் ரிட்டர்ன் வர்க்கங்களின் சராசரியாக வைத்தேன். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 13% விழுந்தது நினைவிருக்கும். அந்த ஒரு நாளின் வர்க்கம் 168.5, அதை 500-ஆல் வகுத்தால் 0.34. என் V-யில் ஒரே நாள் மட்டும் அவ்வளவு! இரண்டு வருடம் கழித்து, 2022 மார்ச் கடைசியை ஒட்டி, அந்த நாள் ஜன்னலுக்கு வெளியே போனதும் V ஒரே சாயங்காலத்தில் தடாலென்று விழுந்தது. அன்றைக்குச் சந்தையில் எதுவுமே நடக்கவில்லை. டேட்டா ஃபைல்தான் கெட்டுவிட்டது என்று இரவு பதினொரு மணி வரை தேடினேன், அப்புறம்தான் ஷீட்டின் மேல் வரிசையில் முதல் நாள் மார்ச் 24 என்று தொடங்குவதைப் பார்த்தேன்.

இப்போது 2010 முதலான எல்லா நாள்களையும் சேர்த்து V எடுக்கிறேன், மூவாயிரத்தைந்நூறு நாளுக்கு மேல் இருப்பதால் அதே நாளின் பங்கு 0.05-ஐத் தாண்டாது. வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரியில் மட்டும் மாற்றுகிறேன்.

கணிப்பு சரியா என்று எப்படிச் சோதிப்பது என்று நண்பர் ஒருவர் கேட்டார். மறுநாள் ரிட்டர்ன் வர்க்கத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள், மனசு விட்டுப்போகும், ஏனென்றால் 1% ஆடக்கூடிய நாளில்கூட சந்தை 0.1%-ல் முடியலாம். நான் செய்வது, ஒவ்வொரு நாள் ரிட்டர்னையும் அந்த நாளுக்கான கணிப்பால் வகுத்து, வர்க்கமெடுத்து, கடைசி 250 நாளுக்குச் சராசரி பார்ப்பது. 1-ஐச் சுற்றி இருந்தால் அளவு சரி. 1.3, 1.4 என்று நின்றுகொண்டே இருந்தால் மாடல் குறைத்துச் சொல்கிறது. அப்புறம், அந்த வர்க்கங்களில் பெரியவை அடுத்தடுத்து கும்பலாக வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வந்தால் 8% போதவில்லை என்று அர்த்தம், அப்போது எடைகளை மறுபடி பொருத்துகிறேன். இதுவரை இரண்டு முறைதான் பொருத்த வேண்டி வந்தது.