காலையில் முட்டையா, இட்லி தோசையா, ஓட்ஸா? எது பசி தாங்கும், எது எடையைக் குறைக்கும்?

என் அண்ணன் போன வருடம் எடையைக் குறைக்கிறேன் என்று சொல்லி, தினமும் காலையில் இரண்டு முட்டை சாப்பிட ஆரம்பித்தார். மூன்று வாரம் கழித்தும் எடைமேடையின் முள் அசையவில்லை. "முட்டை சாப்பிட்டால் எடை குறையும் என்றார்களே, எல்லாம் சும்மாவா?" என்று கேட்டார். சும்மா இல்லை. ஆனால் அந்தப் பேச்சு எந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததோ, அதில் பாதியைத்தான் ஜனங்கள் சொல்கிறார்கள்.

அது அமெரிக்காவில் நடந்த சோதனை, 2008-ல் வெளிவந்தது. எடை கூடிய 152 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்குக் காலையில் முட்டை. மற்ற இரண்டுக்கும் பேகல், அதாவது அந்த ஊரில் காலையில் சாப்பிடும் வளைய ரொட்டி. எல்லோருக்கும் காலை உணவு 340 கலோரி. வாரத்தில் குறைந்தது ஐந்து நாள், எட்டு வாரம். ஒவ்வொரு வகையிலும் ஒரு குழுவிடம் மட்டும், நாள் முழுக்கச் சாப்பிடும் அளவையும் குறைக்கச் சொன்னார்கள். மற்ற குழுவிடம் வேறு எதையும் மாற்ற வேண்டாம் என்றார்கள்.

அளவைக் குறைத்தவர்களில் முட்டைக் குழுவுக்கு சராசரியாக 2.63 கிலோ குறைந்தது, பேகல் குழுவுக்கு 1.59 கிலோ. இந்த வித்தியாசத்தைத்தான் 'முட்டையால் 65 சதவீதம் கூடுதல் எடைக்குறைப்பு' என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். கிலோவில் பார்த்தால் எட்டு வாரத்துக்கு ஒரு கிலோ. அது நல்ல வித்தியாசம்தான், மாயம் இல்லை. அளவைக் குறைக்காமல் முட்டை மட்டும் சாப்பிட்ட குழுவுக்கோ, பேகல் சாப்பிட்டவர்களைவிடப் பெரிதாக எதுவும் குறையவில்லை. என் அண்ணன் இருந்தது இந்தக் குழுவில்தான்.

ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க முட்டை உற்பத்தியாளர்களின் அமைப்பு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதற்காக முடிவைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஒரு சோதனையை வைத்து முட்டையைத் தலைமேல் தூக்கி வைக்கவும் மாட்டேன். இன்னொன்று, அங்கே எதிரில் நின்றது மைதா ரொட்டி. நம் இட்லியும் சாம்பாரும் அந்தப் போட்டியிலேயே இல்லை.

சரி, பசி தாங்குகிறதா? இந்த விஷயத்தில் முட்டையின் பக்கம் கொஞ்சம் பலமாகவே இருக்கிறது. 2005-ல் எடை கூடிய பெண்களுக்கு ஒரே கலோரியில் முட்டையும் பேகலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். முட்டை சாப்பிட்ட நாளில் வயிறு நிறைந்த உணர்வு கூடுதல், மதியச் சாப்பாடும் குறைவு. 2010-ல் 21 ஆண்களிடம் இதேபோலச் செய்தபோதும் அடுத்த 24 மணி நேரத்தில் சாப்பிட்ட அளவு குறைந்தது. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனும், பேகல் சாப்பிட்ட நாளைவிடக் குறைவாக இருந்தது. முட்டையில் புரதமும் கொழுப்பும் சேர்ந்திருக்கின்றன. இரண்டும் இரைப்பையை விட்டு மெதுவாக இறங்குபவை.

ஆனால் வயிற்றை நிரப்புவதில் முட்டைதான் முதலிடம் என்று நினைத்தால் தவறு. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒவ்வொன்றும் 240 கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை பசியை அளந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் முட்டைக்கு 150. ஓட்ஸ் கஞ்சிக்கு 209. வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323! காரணம் எளிது. 240 கலோரிக்கு முட்டை என்றால் மூன்றுதான் வரும். உருளைக்கிழங்கு என்றால் கால் கிலோவுக்கு மேல் வரும், அதில் பெரும்பகுதி தண்ணீர். கஞ்சியும் அப்படித்தான். இரைப்பை விரிவதால் வரும் நிறைவு ஒரு வகை, புரதத்தால் வரும் நிறைவு இன்னொரு வகை. அந்த அளவீடு இரண்டு மணி நேரத்தோடு நின்றுவிட்டது. அலுவலகத்தில் பதினொன்றரைக்கு வரும் பசியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

அதனால் என் கருத்து இது: முட்டையா ஓட்ஸா என்றால், நிறையத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிய, சர்க்கரை போடாத ஓட்ஸ் கஞ்சி முட்டைக்குச் சளைத்தது இல்லை. முட்டையா மைதா ரொட்டியா என்றால் யோசிக்கவே வேண்டாம், முட்டைதான். முட்டையா இட்லியா என்றால், கேள்வியையே மாற்ற வேண்டும். அண்ணனின் தட்டைப் பார்த்தால் புரியும்.

அவர் காலையில் நான்கு தோசை சாப்பிடுபவர். எண்ணெயோடு ஒரு தோசை சுமார் 130 கலோரி என்று வைத்தால் நான்குக்கு 520. அதன் மேல் இரண்டு முட்டை ஆம்லெட். முட்டைக்கு 145, கல்லில் ஊற்றிய இரண்டு டீஸ்பூன் எண்ணெய்க்கு இன்னொரு 85. ஆக மொத்தம் 750. சட்னியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முட்டை பசியைத் தாங்கினாலும், அது கூடுதலாகக் கொண்டுவந்த 230 கலோரியை மதியத்தில் குறைத்தால்தான் கணக்கு நேராகும். அவர் மதியச் சோற்றைக் குறைக்கவில்லை.

பிறகு மாற்றியது இவ்வளவுதான்: இரண்டு தோசை, இரண்டு அவித்த முட்டை, சாம்பார் தாராளமாக. 260-ம் 145-ம் சேர்த்து 405 கலோரி. புரதமோ பழைய நான்கு தோசையில் ஏறக்குறைய 11 கிராம், இதில் 18 கிராம். கலோரி குறைந்து புரதம் கூடியிருக்கிறது. முட்டை வந்த இடத்தில் தோசை போக வேண்டும், மொத்தமே அதுதான். இட்லிக்காரர்களுக்கும் இதே கணக்கு: நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் இரண்டு முட்டையும். இட்லியில் எண்ணெய் இல்லாததால் கலோரி அவ்வளவு குறையாது, சில வீட்டு இட்லி அளவுக்குக் கொஞ்சம் கூடக்கூடச் செய்யும். அங்கே லாபம் புரதத்தில், அதாவது பசி தள்ளிப்போவதில்.

நமக்கு இது வேலை செய்கிறதா என்று பார்க்க எடைமேடையைவிடச் சீக்கிரம் சொல்வது பதினொரு மணி. வழக்கமாக டீயோடு வடையோ பிஸ்கட்டோ தேடும் கை தேடாமல் இருந்தால் முட்டை தன் வேலையைச் செய்கிறது. ஒரு வாரம் ஆகியும் தேடினால், அந்தக் காலை உணவு உங்களுக்குப் போதவில்லை. எடையைத் தினமும் பார்த்துக் கலங்க வேண்டாம், உப்பும் தண்ணீருமே ஒரு கிலோ வரை ஆட்டும். காலையில் எழுந்து கழிப்பறை போய் வந்ததும் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

மஞ்சள் கருவை எடுத்துவிட்டுச் சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு முட்டையின் கலோரியில் முக்கால் பங்கு மஞ்சள் கருவில்தான் இருக்கிறது, உண்மை. ஆனால் நான் சொன்ன ஆய்வுகளில் பசி தாங்கியது முழு முட்டை. 2008 சோதனையில் எட்டு வாரத்தில் குழுக்களுக்கிடையே ரத்தக் கொழுப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே கொழுப்புக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், முட்டை தொடாத வீடுகளுக்கு அடை இருக்கிறது. அரிசியைக் குறைத்து, பருப்பைப் பாதிக்கு மேல் போட்டு, எண்ணெயை டீஸ்பூனால் அளந்து ஊற்றினால், முட்டை செய்யும் வேலையில் பெரும்பகுதியை அதுவும் செய்யும். இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.