4 பேரோடு 15 மணி நேரக் கடை: கூகுள் சீட்ஸில் ஷிப்ட் போட்ட அனுபவம்

மாங்குளம் பக்கம் பலசரக்குக் கடை, காலை 6 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிறோம். வேலைக்கு 4 பேர், இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு பெடியன்கள். கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த ஷிப்ட் கணக்கைச் சில வருடங்களாகக் கூகுள் சீட்ஸில்தான் போடுகிறேன். இலவசம், போனிலேயே வேலை முடியும். ஆனால் அது ஷிப்ட் போட்டுத் தராது, போட்டதில் ஓட்டை எங்கே என்று மட்டும்தான் காட்டும். எனக்கு அதுவே போதும்.

முதலில் எல்லாரும் போடுகிற கணக்கு மணித்தியாலக் கணக்கு. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஓராளுக்கு ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, அதோடு வாரத்தில் ஒன்றரை நாள் லீவு. 4 பேருக்கு 180 மணி. கடை திறந்திருப்பது 105 மணிதான். பார்த்தால் ஆள் தாராளம். பிறகு ஏன் பின்னேரம் 5 மணிக்குச் சனம் வரிசையில் நிற்கிறது?

மணியை விட்டுவிட்டு ஷிப்டை எண்ணினால்தான் விசயம் விளங்கும். ஒராளுக்கு வாரத்தில் 5 முழு ஷிப்ட், 5 மணி நேர அரை ஷிப்ட் ஒன்று, ஒரு நாள் லீவு. ஆக நாலு பேருக்கும் சேர்த்து 20 முழு, 4 அரை. முழு ஷிப்ட் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து காலை 7 முதல் 4 வரை, அல்லது 12 முதல் 9 வரை. (6 மணிக்குத் திறப்பது நான்தான், முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் யாரும் அதற்குள் வந்து சேர மாட்டார்கள்.) இரண்டு ஷிப்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், அதாவது வெயிலுக்கு நாய்கூட றோட்டைக் கடக்காத நேரத்தில்! நெரிசல் காலை 7 முதல் 9, பின்னேரம் 4:30 முதல் 7:30. அந்த நேரம் ஒராள் போதாது.

பெண் பிள்ளைகள் பஸ்ஸில் போய் வருபவர்கள், இரவு மூடும் ஷிப்ட் போட முடியாது. எனவே வாரத்தின் 7 காலையும் அவர்கள், 7 இரவும் பெடியன்கள். ஒவ்வொரு பக்கமும் 10 முழு ஷிப்டில் 7 போனால் மிச்சம் 3 முழு, 2 அரை. அதாவது வாரத்தில் 5 காலைக்கும் 5 பின்னேரத்துக்கும் இரண்டாவது ஆள் உண்டு, 2 காலைக்கும் 2 பின்னேரத்துக்கும் இல்லை. எப்படி மாற்றிப் போட்டாலும் அந்த நாலு ஓட்டையும் இடம்தான் மாறும், அடைபடாது. அதனால் ஓட்டை எந்த நாளில் விழ வேண்டும் என்பதை நானே தெரிந்தெடுத்து, அங்கே கல்லாவில் நான் நிற்கிறேன். அரச சம்பளம் விழும் 25 ஆம் திகதியை ஒட்டி ஓட்டை வராமல் பார்த்துக்கொண்டால் சரி. மேலதிக நேரம் கொடுத்தும் அடைக்கலாம், ஒன்றரை மடங்குச் சம்பளம், அது கடைக்குக் கட்டுமா என்பது உங்கள் கணக்கு.

சீட்டில் வரிசைக்கு ஒராள், நிரலுக்கு ஒரு நாள். காலை, மாலை, அரை, லீவு என்பதற்கு கா, மா, அ, லீ என்று நாலே எழுத்து. கீழே இரண்டு சூத்திரம்:

```
=COUNTIF(C2:C5,"மா")
=COUNTIFS(B2:H2,"மா",C2:I2,"கா")
```

முதலாவது, அன்றைக்கு இரவு மூட ஆள் இருக்கிறதா என்று சொல்லும். இரண்டாவதுதான் அருமையானது: இரவு 9 மணிக்குக் கடை மூடின அதே ஆள் அடுத்த நாள் காலை 7 மணிக்கும் வருகிறாரா என்று பிடிக்கும். பிள்ளைகளில் ஒருவர் லீவு எடுத்து, பெடியனைக் காலைக்கு இழுக்கும் வாரங்களில்தான் இது வரும். B நிரலில் போன ஞாயிற்றுக்கிழமையைப் போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் ஞாயிறு இரவுக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் நடப்பது சூத்திரத்துக்குத் தெரியாது.

குறை என்றால், "மா" என்று அடித்துப் பின்னால் ஒரு இடைவெளி விட்டாலே எண்ணாது, ஆள் இருந்தும் 0 காட்டும். கையால் அடிப்பதை விட்டுவிட்டுத் தெரிவுப் பட்டியல் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. மற்றது, லிங்கை அனுப்பினால் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் பார்க்கிறார்கள், ஆனால் பழைய படத்தைப் பார்த்துவிட்டு வந்து நிற்பதும் உண்டு, அதனால் படத்தின் தலையில் திகதி கட்டாயம்.

லீவு வாரத்துக்கு எந்தச் சூத்திரமும் உதவாது. ஒரு பெடியன் முழு வாரமும் இல்லாவிட்டால், மற்றவன் 5 இரவு மூடுவான், 6 ஆவது இரவை அவனுடைய அரை ஷிப்டில் தள்ளலாம், 7 ஆவது என் தலையில். பின்னேர நெரிசலுக்கு இரண்டாவது ஆள் ஒரு நாளும் கிடையாது. நல்லகாலம், ஒருவன் வேதக்காரன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒருவன் போனால், மற்றவன் ஆகஸ்ட் 15 மடுத் திருநாளுக்குப் போவான். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் கேட்டால் இரவு 7 மணிக்கே கடையை மூடிவிடுவேன், அதை முந்தின வாரமே கதவில் எழுதி ஒட்டிவிடுவேன்.