தோள்பட்டை வலி: எலும்பைச் சீவுவதா, கையைப் பழக்குவதா?

என் வலது தோள் வலிக்கு ஆர்த்தோ டாக்டர் எழுதிக்கொடுத்தது "சப்அக்ரோமியல் டீகம்ப்ரஷன்". தோளின் மேல்கூரை போல நிற்கும் அக்ரோமியன் எலும்பின் அடிப்பக்கத்தைக் கீஹோல் சர்ஜரியில் சீவிவிடுவது. நான் அதைச் செய்துகொள்ளவில்லை, பயிற்சி பக்கம் போனேன். எனவே எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

முதலில் சர்ஜரிக்கு அடிப்படையான கருத்து. 1972-இல் சார்ல்ஸ் நியர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் சொன்னது இது: கையைத் தூக்கும்போது அக்ரோமியனின் முன்விளிம்பும் அதையொட்டிய தசைநாரும் கீழே இருக்கும் ரொட்டேட்டர் கஃப் நாணை, அதாவது தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைகளை எலும்போடு இணைக்கும் நாணை, குறிப்பாகக் கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸை, உரசி நசுக்குகின்றன. கதவு நிலையில் உரசும் கயிறு போல நாண் தேய்ந்து நைந்துபோகிறது. அப்படியானால் எலும்பைச் சீவி இடத்தை அகலப்படுத்த வேண்டியதுதான். எளிய, கண்ணுக்குத் தெரிகிற விளக்கம். இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு அந்த எளிமையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

டாக்டர் அறையில் நடந்த சோதனைகளும் இந்தக் கருத்தை வைத்துத்தான். கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கச் சொன்னார். சுமார் 60 டிகிரி வரை ஒன்றும் இல்லை. அப்புறம் தோளின் வெளிப்பக்கம் சுருக்கென்று பிடித்தது. 120 டிகிரியைத் தாண்டியதும் விட்டுவிட்டது. இறக்கும்போதும் அதே இடத்தில் அதே பிடிப்பு. இதுதான் வலி வளைவு. அடுத்து முழங்கையை மடக்கி, கையை முன்னால் தோள் மட்டத்துக்குத் தூக்கி, உள்பக்கமாகத் திருப்பினார். ஹாக்கின்ஸ் சோதனை. அதிலும் வலித்தது. "பாசிட்டிவ்" என்றார்.

வலித்தது உண்மை, ஆனால் எது வலித்தது? இந்த அசைவுகளில் உரசலைக் குறைக்கும் திரவப்பையான பர்சா, ரொட்டேட்டர் கஃப் நாண், பைசெப்ஸ் நாண் என்று ஒரே நேரத்தில் பலவும் அழுத்தமும் இழுப்பும் படுகின்றன. எலும்பு உரசுவதால்தான் வலி என்று எந்த ஒரு சோதனையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பகுதியில் எங்கோ வலி இருக்கிறது என்பதுவரைதான் அவை நம்பத்தக்கவை. ஸ்கேனும் இதைப் பெரிதாகத் தீர்ப்பதில்லை. 2011-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், 40 முதல் 70 வயதுக்குட்பட்ட, தோள் வலியே இல்லாத 51 ஆண்களுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். 96 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்தது. ஆக, என் ரிப்போர்ட்டில் இருந்த "பர்சா தடிப்பு" என்ற வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி என்னை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். சர்ஜரி செய்தவர்களுக்கு வலி குறைகிறது, அதை யாரும் மறுக்கவில்லை. குறைந்தது சீவியதாலா, அல்லது சர்ஜரி நடந்தது, ஓய்வெடுத்தது, நாட்கள் ஓடியது ஆகியவற்றாலா என்பதுதான் கேள்வி. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சிலருக்குச் சீவாமலேயே ஆபரேஷன் செய்து பார்ப்பது. பிரிட்டனில் அப்படியே செய்தார்கள். சிசா என்று அழைக்கப்படும் ஆய்வு, 32 மருத்துவமனைகள், 313 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு முறையான டீகம்ப்ரஷன். இரண்டாவது பிரிவுக்குத் துளையிட்டு, கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் சீவாமல் மூடிவிட்டார்கள். எந்த ஆபரேஷன் நடந்தது என்பது இந்த இரு பிரிவினருக்கும் தெரியாது. மூன்றாவது பிரிவுக்குச் சிகிச்சையே இல்லை.

ஆறு மாதம் கழித்து ஆக்ஸ்ஃபோர்டு தோள் மதிப்பெண் பார்த்தார்கள். 48-க்கு எவ்வளவு என்று கணக்கு, அதிகம் என்றால் நல்லது. சீவியவர்களுக்கு 32.7, சீவாமல் மூடியவர்களுக்கு 34.2, ஒன்றும் செய்யாதவர்களுக்கு 29.4. சீவியதற்கும் சும்மா பார்த்ததற்கும் உருப்படியான வித்தியாசம் இல்லை. ஆபரேஷனுக்கே போகாதவர்களைவிட இரு பிரிவினரும் சற்று மேல்தான், ஆனால் நோயாளி உணரக்கூடிய அளவு என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே வைத்திருந்த எல்லையை அந்த இடைவெளி எட்டவில்லை.

"பயிற்சி பலிக்காதவர்களுக்குத்தான் சர்ஜரி" என்று வழக்கமாகச் சொல்வார்கள். இந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே பயிற்சியும் ஊசியும் முடித்து, மூன்று மாதத்துக்கு மேல் வலி தீராதவர்கள். அதாவது அதே ஆட்கள். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: ஒதுக்கப்பட்ட சிகிச்சையை ஆறு மாதத்துக்குள் பெறாதவர்கள் கணிசமாக இருந்தார்கள், அது இந்த ஆய்வின் பலவீனம். ஆனால் பின்லாந்தில் நடந்த ஃபிம்பேக்ட் ஆய்விலும், இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சீவியவர்களும் போலி ஆபரேஷன் ஆனவர்களும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் வழிகாட்டுக் குழு, இந்த வலிக்கு டீகம்ப்ரஷன் வேண்டாம் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது.

சர்ஜரியின் ஆபத்து குறைவுதான். கிருமித்தொற்று போன்றவை அரிது, தோள் இறுகி அசைய மறுக்கும் ஃப்ரோசன் ஷோல்டர் சிலருக்கு வரும். ஆனாலும் பலன் தெரியாத ஒன்றுக்கு அந்தச் சிறிய ஆபத்தையும், சில நாள் கையைக் கட்டிப்போடுவதையும் ஏன் ஏற்க வேண்டும்?

பயிற்சிக்கான சான்று எவ்வளவு உறுதி? 2012-இல் ஸ்வீடனில் சர்ஜரிக்குக் காத்திருந்தவர்களில் ஒரு பிரிவுக்கு, பாரத்தோடு கையை மெல்ல இறக்குவது, தோள்பட்டையைப் பின்னிழுப்பது என்று குறிவைத்த பயிற்சிகளை மூன்று மாதம் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குப் பொதுவான அசைவுகள். முடிவில் சர்ஜரி வேண்டும் என்றவர்கள் முதல் பிரிவில் 20 சதவீதம், இரண்டாவதில் 63 சதவீதம். இது என்னை இழுத்த எண். ஆனால் 2021-இல் பிரிட்டனில் 708 பேரிடம் நடந்த கிராஸ்ப் ஆய்வில், ஆறு முறை வரை பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தவர்களும், ஒரே ஒருமுறை நல்ல அறிவுரை வாங்கி வீட்டில் செய்தவர்களும் ஓராண்டில் ஒரே நிலையில் இருந்தார்கள். ஸ்டீராய்டு ஊசி ஆரம்ப வாரங்களில் கொஞ்சம் கைகொடுத்தது, அதற்கு மேல் இல்லை. ஆகவே நிறைய பணம் கொடுத்து நீண்ட பேக்கேஜ் எடுப்பதும் கட்டாயமில்லை.

நான் செய்வது இதுதான்: ஒருக்களித்துப் படுத்து, மேலே இருக்கும் கையில் சிறு எடையுடன் முன்னங்கையை மேலே திருப்பி, மெல்ல இறக்குவது, கதவில் கட்டிய ரப்பர் பட்டையைப் பின்னுக்கு இழுப்பது. ஸ்வீடன் திட்டத்தில் ஒவ்வொன்றும் 15 முறை, மூன்று செட், தினம் இருமுறை. செய்யும்போது பத்துக்கு ஐந்து வரை வலி பரவாயில்லை, அடுத்த வேளைக்குள் தணிந்துவிட வேண்டும். தணியவில்லை என்றால் எடையைக் குறைக்க வேண்டும். பலன் வர வாரக்கணக்கில் ஆகும், இடையில் விட்டால் அதுவும் போகும். கொடியில் துணி உலர்த்துவது இப்போது எளிது. அந்தத் தோள் பக்கம் படுத்தால் ராத்திரி இன்னும் லேசாக முனகுகிறது.

கிரிக்கெட்டில் பந்து வீசுபவர்கள், நாள் முழுக்கக் கையைத் தூக்கி வேலை செய்யும் பெயின்டர்கள் விஷயத்தில் என் அனுபவம் போதாது. விழுந்த பிறகு திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போனால் அது நாண் முழுதாகக் கிழிந்ததாக இருக்கலாம், அதற்கு இந்த ஒப்பீடு பொருந்தாது, சீக்கிரம் காட்ட வேண்டும். மற்றவர் பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்பக்கம் திரும்பவில்லை என்றால் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்க வாய்ப்பு அதிகம், முக்கியமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு. அதற்கான சிகிச்சையும் வேறு.