இரண்டு வருஷம் எட்டாம் வகுப்போடு ஓட்டிய ஸ்டெப் கவுண்டர்: வாங்கலாமா என்று கேட்டவளுக்கு

தேவகோட்டையில் வேலை பார்க்கும் தோழி போன வாரம் போன் பண்ணி, "டீச்சர், நீங்க வச்சிருக்கிற அதே ஸ்டெப் கவுண்டர் இப்ப விலை குறைஞ்சிருக்கு, வகுப்புக்கு மொத்தமா வாங்கலாமா?" என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இது.

இடுப்பில் கிளிப் மாட்டும் சின்னப் பெட்டி, உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு நெம்புகோல், அது மேலும் கீழும் ஆடினால் ஒரு ஸ்டெப். நடக்கும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்கும். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆத்தங்குடிக்கல் தரையில் எத்தனை முறை விழுந்திருக்கும் என்று கணக்கில்லை, 36 பெட்டியில் இரண்டுக்குத்தான் கிளிப் உடைந்தது. பட்டன் செல்லை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினேன், அவ்வளவுதான். அந்த டிக் டிக் சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, ஏனென்றால் பெஞ்சுக்கு அடியில் பெட்டியைக் கையில் வைத்து ஆட்டுகிறவனை அதுவே காட்டிக் கொடுத்துவிடும். டவுன் பஸ் குலுங்கினாலும் எண்ணும் என்பதால் பஸ்ஸில் வருகிறவர்களைப் பையில் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டும், பையிலும் படுக்கப் போட வேண்டும், படுத்தால் நெம்புகோல் ஆடாது. சைக்கிள் மிதித்து வருகிற பிள்ளைக்கோ அத்தனை உழைப்புக்கும் ஒன்றும் ஏறாது. இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லைகள்.

என் கோபம் வேறு இடத்தில். இந்தப் பெட்டி மெதுவாக நடக்கிறவர்களுக்குக் குறைத்து எண்ணும்.

முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. யார் அதிகம் நடக்கிறார்கள் என்று போட்டி வைத்து, வார முடிவில் பெயரோடு சார்ட் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினேன், ஒரு நாளைக்கு மேலே 14,000, கீழே 2,900. கீழே இருந்தது ஒரு பெண் பிள்ளை, கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, நிதானமான நடை. அடுத்த வாரம் சீட்டில் 8,214 என்று எழுதிக் கொடுத்தாள். பெட்டியைக் கேட்டேன். வீட்டில் வைத்துவிட்டேன் என்றாள். பெட்டி பையில்தான் இருந்தது, அதில் ஒரு எண்ணும் இல்லை, ஐந்து நாளாக மாட்டவே இல்லை. அவள் பொய் சொன்னாள் என்று அன்று திட்டினேன். பொய் சொல்ல வைத்தது நான் ஒட்டிய சார்ட் என்று புரிய ஒரு வாரம் ஆனது, அதுவும் தற்செயலாக.

நூறு ஸ்டெப் சோதனை என்று நான் வைத்துக்கொண்டது இது: பெட்டியை மாட்டி, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிள்ளை வழக்கமாக நடக்கிற வேகத்தில் மைதானத்தில் நடக்க வேண்டும், பக்கத்தில் நடந்தபடி நான் வாயால் நூறு எண்ணுவேன். அவளுக்கு 63 காட்டியது. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு பெட்டி மாட்டினேன், 66. முதல் பெட்டியை வேகமாக நடக்கிற ஒரு பையனுக்கு மாட்டினேன், 99. ஆக, பெட்டியில் கோளாறு இல்லை. மெதுவாக நடக்கும்போது இடுப்பில் ஏற்படுகிற குலுக்கல் அந்த ஸ்பிரிங்குக்குப் போதவில்லை. இன்னொன்றும் இருந்தது. அவள் வயிற்றுக்கு நேர் முன்னால் நாடாவில் மாட்டியிருந்தாள், பெட்டி முன்பக்கம் சாய்ந்து நின்றது. செங்குத்தாக நின்றால்தான் நெம்புகோல் ஒழுங்காக ஆடும். இடுப்பின் பக்கவாட்டில், முழங்காலுக்கு நேராக வரும்படி நிமிர்த்தி மாட்டியதும் 91.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 63 என்பது 91 ஆனால், முன்பு 2,900 காட்டிய அதே நாள் இப்போது ஏறத்தாழ 4,200 காட்டும். ஒரு ஸ்டெப்கூட அதிகம் நடக்காமல். போட்டி நடுவில் இடத்தை மாற்றியிருந்தால் 'முன்னேற்றம்' என்று அவளைக் கூப்பிட்டுக் கைதட்டியிருப்பேன், அது முன்னதைவிடப் பெரிய கேலிக்கூத்து. அதனால் எல்லோருக்கும் நூறு ஸ்டெப் சோதனை செய்து, பெட்டி நம்பரையும் மாட்டுகிற இடத்தையும் நோட்டில் குறித்து, போட்டியை முதலிலிருந்து ஆரம்பித்தோம். 63ஐ வைத்துப் பெருக்கிச் சரிக்கட்டிவிடலாமே என்று பி.டி. சார் சொன்னார். ஆகாது. கோயிலுக்கு நடக்கிற வேகம் வேறு, இடைவேளையில் ஓடுகிற வேகம் வேறு, வேகம் மாறினால் விடுபடும் எண்ணிக்கையும் மாறும்.

அப்புறம் யாரையும் யாரோடும் ஒப்பிடுவதை விட்டேன். முதல் வாரம் அவளுடைய எண்கள்: 6,020, 4,130, 4,480, புதன்கிழமைக்குப் பிறகு ஒரு நாள் மறந்துபோய் வெற்று, 3,960, 4,250. முதல் நாள் கணக்கில் சேராது, புதுப் பெட்டி என்றால் எல்லாப் பிள்ளையும் அன்று காரணமில்லாமல் நடக்கும். மறந்த நாளைப் பூஜ்யமாகப் போடக் கூடாது, வெற்றாகவே விட வேண்டும். மிச்சம் நான்கை வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்கிற இரண்டுக்கும் மத்தியில் வருகிற இடைநிலை அளவு 4,190. சராசரி எடுத்தால் திருவிழா நாள் ஒன்று மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால்தான் இடைநிலை. மூன்றாம் வாரம் 4,620, 4,310, 4,850, 4,090, 4,570. இடைநிலை 4,570, அதாவது 380 கூடுதல். அவள் சாதாரண நாட்களுக்குள்ளேயே 520 ஏற்ற இறக்கம் உண்டு, ஆகவே 380ஐ வைத்து மட்டும் துள்ளிக் குதிக்க முடியாது. ஆனால் ஐந்தில் மூன்று நாள் அவளுடைய பழைய அதிகபட்சமான 4,480ஐத் தாண்டியிருக்கிறது. கூடியிருக்கலாம், இன்னொரு வாரம் பார்க்கலாம் என்று அவளிடம் தனியாகச் சொன்னேன். முதலிடக்காரன் 13,900லிருந்து 13,600க்கு வந்திருந்தான், அவன் அளவுக்கு அது ஒன்றுமே இல்லை, அதையும் சொன்னேன், முகம் வாடியிருந்தது.

சதவீதக் கணக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள். 3,000 நடக்கிறவள் 1,000 கூட்டினால் 33 சதவீதம், 13,000 நடக்கிறவன் அதே 1,000 கூட்டினால் 8கூட இல்லை. மானம் போகிற ஆள் மாறுவார், அவ்வளவுதான். இப்போது சுவரில் ஒரே ஒரு வரி எழுதுகிறேன்: தங்கள் பழைய அளவைத் தாண்டியவர்கள் இத்தனை பேர். பெயர் கிடையாது. வரைபடம் அவரவர் நோட்டில்.

பெற்றோர் ஒருவர், "பத்தாயிரம் நடக்கணுமாமே, எங்க பையன் நடக்கலையே" என்று வந்தார். 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு பெட்டிக்கு 'மான்போ-கெய்', பத்தாயிரம் ஸ்டெப் மீட்டர் என்று பெயர் வைத்தார்கள், அங்கிருந்து வந்த எண் அது என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

எங்கள் அப்பத்தா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது ஒரு பெட்டியைக் கட்டிவிட்டேன். முதல் நாள் ராத்திரி போனில் அவர் சொன்ன எண்ணைக் கேட்டால் பாதி தூரம் வண்டியில் போனார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மறுநாள் அவிழ்த்துப் பைக்குள் போட்டுவிட்டார்.

சரி, வாங்கலாமா? விழுந்தாலும் உடையாது, செலவில்லை, சத்தம் போட்டுத் திருடனைப் பிடித்துக் கொடுக்கும், ஆனாலும் வேண்டாம் என்றே தோழியிடம் சொன்னேன். நிதானமாக நடக்கிற பிள்ளையின் நடையில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கிற பெட்டியை நான் எப்படிச் சிபாரிசு செய்வது? அவள், "அப்ப நீங்க இந்த வருஷம் நிறுத்திட்டீங்களா?" என்றாள். உடைந்த இரண்டுக்கும் கிளிப் வாங்க ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி போகிறேன்.